திரைப்பாடலில் பெண் கூற்று

அகப்பாடலைக் கற்கும் மாணவர் முதற்கண் வினவுவது, இது யார் கூற்று என்பதே. திரைப்பாடலில் பெண் சித்திரிக்கப்படும் முறையை ஆராய்வார்க்கும் இவ்வினா பயன்படும் என்பது எம் கருத்து.

1975ஆம் ஆண்டில் லாரா மல்வி என்னும் அறிஞர், திரைப்படத்தில் ஆண் காண்பவனாகவும் பெண் காணப்படுபவளாகவும் அமைகின்றனர் என்று நிறுவினார். பெண்ணிய ஊடகக் கோட்பாட்டிற்கு அக்கட்டுரை அடிப்படையாயிற்று. ஆயின் அது காட்சியைப் பற்றியது. நம் திரைப்பாடலோ படத்தைப் பிரிந்தும் வாழ்வது. ஆலத்தியூர் போன்ற அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் மணவீட்டு ஒலிபெருக்கியில் அதனைக் கேட்பார்முன் திரையும் இல்லை, நடிகையும் இல்லை. குரலும் சொல்லுமே எஞ்சுகின்றன. ஆதலின் சொல்லை ஆராய்தல் வேண்டும்.

ஸ்ரீதர் இயக்கி 1962இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை எடுத்துக்கொள்வோம். நோயுற்றுக் கிடக்கும் கணவன், தான் இறப்பின் மனைவி மறுமணம் செய்துகொள்ளல் வேண்டும் என்கின்றான். அதற்கு மறுமொழியாக அவள் பாடும் பாடலை இயற்றியவர் கண்ணதாசன், பாடியவர் பி. சுசீலா, நடித்தவர் தேவிகா. சொல் ஆணுடையது, குரல் ஒரு பெண்ணுடையது, உடல் மற்றொரு பெண்ணுடையது. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுதல் சங்க மரபிற்குப் புதிதன்று. குரலும் உடலும் இருவேறு பெண்டிர்பால் பிரிந்து நிற்றலே திரையின் புதுமை.

பாடல் முழுதும் அவளே பேசுகின்றாள்; கணவன் பாடுவதில்லை. வினாமேல் வினாவாக அவனை இடித்துரைக்கின்றாள். இதனை மட்டும் நோக்கின் உரிமைக்குரல் என்று தோன்றும். உவமைகளை நோக்கின் வேறொன்று புலனாகும். அவள் தன்னை இறைவன் அணிந்த மாலையாகவும் ஒருமுறையே பூக்கும் மலராகவும் கூறிக்கொள்கின்றாள். மாலை அணியப்படும், வீழும், பிறரால் தொடப்படும். தானாக ஒன்றும் செய்யாது. வினாவில் வினைமுதலாய் நின்றவள் உவமையில் செயப்படுபொருளாகின்றாள். மறுமணத்தை மறுத்தல் அவள் உரிமையே. மறுப்பதற்கு அவளுக்குக் கிடைத்த மொழி கைபடாப் பொருளின் மொழி. எம் மாணவியர் சிலர் இப்பாடலில் உருகி, உடனே சினக்கவும் செய்வர். இரண்டும் பொருந்தும் என்றே கொள்கின்றோம்.

இனி, 2001இல் வெளிவந்த 'மின்னலே' படத்தில் தாமரை இயற்றிப் பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய 'வசீகரா' பாடலில் சொல்லும் பெண்ணுடையதாயிற்று. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே கிளத்தல் இல்லை என்பது தொல்காப்பியக் களவியல் விதி. இப்பாடலின் தலைவியோ தன் வேட்கையைத் தானே உரைக்கின்றாள். நீராடி வரும் ஆடவன் அவள் மனக்காட்சிக்குரியவனாகின்றான். மல்வி கூறிய பார்வை இங்குத் திசை மாறுகின்றது. எனினும் அவள் வேட்கை நாடுவது இல்லற வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளையே. அவன் தலை துவட்டுவதும் அவள் சேலை முனையிலேதான்.