சிக்ஸா, அவுட்டா?

போன டிசம்பரில் சிட்னியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு கிரிக்கெட் சண்டை நடந்தது. சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தான். என்னைவிட நான்கு வயது பெரியவன். பக்கத்துக்கு மூன்று பேர், டென்னிஸ் பந்து, ஸ்டம்புக்குக் குப்பைத்தொட்டி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாதான் அம்பயர்.

கடைசிப் பந்தில் எங்களுக்கு 4 ரன் வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. "சிக்ஸ் அண்ட் அவுட்! ஜெயிச்சாச்சு!" என்று கத்தினேன். ஆஸ்திரேலியாவில் பின்முற்றத்தில் ஆடும் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. வேலியைத் தாண்டினால் ஆறு ரன் உண்டு, ஆனால் அடித்தவர் அவுட்.

அண்ணா அசையாமல் நின்றான். "காம்பவுண்டு தாண்டினா அவுட்டுடா. ரன்னெல்லாம் கிடையாது. நாங்கதான் ஜெயிச்சோம்" என்றான்.

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேசிக்கிட்டீங்களா?" பேசவில்லை. அப்படியென்றால் தன்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எழுந்து போய்விட்டார். அண்ணா மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு உள்ளே போனான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எனக்குக் கோபம் ஆறவில்லை. உண்மையான விதி என் பக்கம்தான் இருக்கும் என்று நம்பிப் பழைய கிரிக்கெட் வரலாற்றைத் தேட ஆரம்பித்தேன். எனக்குச் சாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு.

கிரிக்கெட் விதிகளாக எழுதப்பட்டு இன்றுவரை மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1727ஆம் ஆண்டுத் தாள். அது யாரோ ஒரு பெரிய சங்கம் போட்ட சட்டம் அல்ல. இங்கிலாந்தில் ரிச்மண்ட் கோமகனும் ஆலன் பிராட்ரிக் என்பவரும் தங்களுக்குள் இரண்டு ஆட்டங்களுக்காக மட்டும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். பணம் கட்டி ஆடியதால், பின்னால் சண்டை வரக்கூடாது என்று முன்கூட்டியே பேசி எழுதிவைத்தார்கள். பக்கத்துக்கு 12 பேர். விக்கெட்டுகளுக்கு நடுவே 23 கஜம். இன்றைக்கு அது 22. ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆட்டக்காரர்கள் யாராவது தீர்ப்பைப் பற்றி வாய் திறந்தால் அவரை ஆட்டத்தைவிட்டே நீக்கிவிட வேண்டும். ஆனால் இந்த விதி கோமகனுக்கும் பிராட்ரிக்குக்கும் மட்டும் பொருந்தாது! மட்டைக்குச் சொந்தக்காரன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய நம் தெரு ஆட்டம் போலத்தான் இதுவும்.

நாடு முழுவதற்குமான விதிகள் என்று சொல்லத்தக்கவை 1744இல்தான் வந்தன. அதிலும் எல்லாம் இல்லை. மட்டை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று அதில் யாரும் எழுதவில்லை. 1771இல் வைட் என்ற ஆட்டக்காரர் ஹாம்பிள்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில், விக்கெட்டையே மறைக்கும் அளவு அகலமான மட்டையோடு வந்து நின்றார். எந்த விதியையும் அவர் மீறவில்லை. அப்படி ஒரு விதியே இல்லையே! ஹாம்பிள்டன்காரர்கள் உடனே ஒரு தாளில் எதிர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இனி மட்டை நாலேகால் அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். 1774இல் அது பொது விதியானது. இன்று டெஸ்ட் ஆட்டத்தில் பிடிக்கும் மட்டைக்கும் அதே நாலேகால்தான் எல்லை. அதே 1774இல்தான் எல்.பி.டபிள்யூ.வும் விதிக்குள் வந்தது. ஆக, "நம்ம ஆட்டத்துல எல்.பி. கிடையாது" என்று சொல்லும்போதெல்லாம் நாம் 1774க்கு முந்தைய கிரிக்கெட்டை ஆடுகிறோம்.

சிக்ஸ் கதை இதைவிட வேடிக்கை. இப்போது கயிற்றைத் தாண்டி விழுந்தாலே ஆறு. 1910 வரை இங்கிலாந்தில் அப்படி இல்லை. பந்து மைதானத்தைவிட்டே வெளியே போனால்தான் ஆறு. எல்லையை மட்டும் தாண்டினால் நான்குதான். 1898 ஜனவரியில் அடிலெய்டில் ஜோ டார்லிங் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார். ஓவர்த்ரோ இல்லாமல் டெஸ்டில் அடிக்கப்பட்ட முதல் சிக்ஸ் என்று அந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறார்கள். நான் பக்கத்து வீட்டுக்குள் அடித்ததும் அதே மாதிரி அடிதான். அங்கே கைதட்டினார்கள், இங்கே அண்ணா கோபித்துக்கொண்டான்.

ஏன்? மூன்று நாள் கழித்து அவனிடமே கேட்டேன். "உங்க வேலிக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டான். ஒரு பாட்டி. கதவைத் தட்டினால் சிரித்துக்கொண்டே பந்தைத் தருவார். "எங்க தெருவுல வீடெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். மொட்டைமாடியில விழுந்தா எடுக்க விடமாட்டாங்க. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சா அன்னிக்கு ஆட்டமே முடிஞ்சுது. பந்து எல்லாரும் காசு போட்டு வாங்கினது. அதைத் தொலைச்சவனுக்கு ஆறு ரன் வேற குடுப்பாங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு விதியும் ஒரே பயத்திலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் பந்து திரும்பி வரும், நேரம்தான் வீண். அதனால் அடித்ததற்கு மரியாதையும் உண்டு, தண்டனையும் உண்டு. அவன் தெருவில் பந்தே போய்விடும். அங்கே தண்டனை மட்டும்தான்.

ஒரு பிட்ச் கேட்ச் பற்றி எங்களுக்குள் சண்டையே வரவில்லை. இங்கேயும் அங்கேயும் பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பும்போது ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட். இரண்டே ஃபீல்டர்கள் இருக்கும் இடத்தில் வழக்கமான கேட்ச் மட்டும் போதுமென்றால் யாருமே அவுட் ஆகமாட்டார்கள். ஆனால் தரையில் பட்ட பந்து வேகம் குறைந்து வருவதால் இரண்டு கையால் பிடிப்பது ரொம்பச் சுலபம். அதற்காகத்தான் ஒரு கையைக் கட்டிப்போடுகிறோம். இதுவும் சிறுபிள்ளை விதி அல்ல. அமெரிக்காவின் பேஸ்பாலில் 1840களிலிருந்தே இது எழுத்து விதி. அங்கே ஒரு முறை தரையில் பட்ட பந்தை இரண்டு கையால் பிடித்தாலும் அவுட்தான். ஆண்பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு இது அழகில்லை என்று சிலர் பல ஆண்டுகள் வாதாடி, 1864 கடைசியில் நேர் பந்துகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக எம்.சி.சி.யின் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். என் பக்கம் ஒரு வரியாவது இருக்காதா என்ற ஆசைதான். எல்லைக்கு எத்தனை ரன் என்பதை டாஸுக்கு முன்னால் அம்பயர்கள் இரண்டு கேப்டன்களோடும் பேசி முடிவு செய்யவேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்பா கேட்ட அதே கேள்வி.

அடுத்த சனிக்கிழமை ஆடும் முன் அப்பா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். வேலி தாண்டினால் ஆறு, அவுட், அடித்தவரே போய் எடுத்துவர வேண்டும். ஒற்றைக் கைக் கேட்ச் உண்டு, சுவரில் பட்டு வந்தால் கிடையாது. கடைசிப் பந்தாக இருந்தாலும் இதே விதிதான் என்று அண்ணா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். பழைய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

மட்டையைக் கையில் எடுத்தபோது அண்ணா தோட்டத்து மூலையைப் பார்த்தான். "இரு, இரு. அந்த எலுமிச்சை மரத்துல பட்டு, கீழே விழாம கைக்கு வந்தா?"

தாளைத் திரும்ப விரித்தோம்.