24ஆல் பெருக்கிய முட்டைகள்: தடித்த மலப்பூச்சும் குடற்புழுக் கணக்கெடுப்பும்

குடற்புழு ஆய்வுகளில் ‘கிராமுக்கு இத்தனை முட்டை’ என்று வரும் எண்ணை யாரும் நேரடியாக எண்ணுவதில்லை. எண்ணியது ஒரு சிறு துளை கொண்ட அளவு; மற்றது பெருக்கல். இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் அதன் நுட்பம் அல்ல, எங்கும் மாறாத அதன் அளவுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். நோய் குறைந்த இடங்களில் அதைத் தடுமாற வைப்பதும் அந்த அளவே.

1923இல் ஸ்டோல் வகுத்த முறையில் மலத்தைக் கார நீரில் கரைத்து, அதில் ஒரு சிறு பங்கை எண்ணினார்கள். கொக்கிப்புழு ஒழிப்பு வேலைக்கு அது உதவியது. ஆனால் எடை போடுவதும் கரைப்பதும் கிராமத்துப் பள்ளியில் நடக்கிற காரியமல்ல. 1954இல் ஜப்பானில் கட்டோவும் மியூராவும் கரைப்பதையே விட்டுவிட்டார்கள். மலத்தைத் தடிமனாகப் பூசி, கிளிசரினில் ஊறிய செல்லோபேனால் மூடினார்கள். கிளிசரின் மலக்கழிவை ஒளி புகும்படி ஆக்கிவிட, முட்டைகள் தெரிந்தன. எத்தனை மலம் எடுப்பது என்ற கேள்விக்கு எளிய விடை தந்தவர் பிரேசிலின் நஃப்தாலி காட்ஸ். 1972இல் அவரும் உடனாய்வாளர்களும், சிஸ்டோசோமா நோய்க்காக, துளையிட்ட அட்டையை அளவையாக்கினார்கள். தராசு தேவையற்றுப் போனது.

இன்று பரவலாகப் பயன்படும் தகட்டின் தடிமன் 1.5 மி.மீ., துளையின் விட்டம் 6 மி.மீ. வலையில் சலித்த மலத்தைத் துளையில் நிரப்பி வழித்தால் 41.7 மில்லிகிராம் என்று கொள்வார்கள். ஆயிரத்தை அதனால் வகுத்தால் 24. தகட்டை எடுத்தபின் கண்ணாடிச் சில்லில் நிற்கும் சிறு வில்லையின் மேல், கிளிசரினும் மாலகைட் பச்சையும் கலந்த நீரில் முந்தைய நாளே ஊறவைத்த செல்லோபேனைப் போட்டுக் கவிழ்த்து அழுத்த வேண்டும். பூச்சின் வழியே செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தால் தடிமன் சரி. பிறகு வருவது நேரத்தின் சிக்கல். உருளைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் நாள்கணக்கில் நிற்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. அதைக் கிளிசரின் கரைத்ததுபோல் மறைத்துவிடும். ஆகவே 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். மாதிரிகளைச் சேர்த்துவைத்து மாலையில் பார்க்கும் குழுவின் அறிக்கையில் கொக்கிப்புழு மட்டும் குறைந்திருந்தால், முதலில் கடிகாரத்தைச் சந்தேகிப்பதே முறை.

ஒரே மலத்தில் கெட்டியும் இளகியும் உண்டு, எடையே போடாத எண்ணை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, இளகிய மலத்தில் முட்டை நீர்த்துப்போகும். பெண்புழு எத்தனை இருக்கிறது என்பதையும் முட்டை நேராகச் சொல்வதில்லை. கூட்டம் பெருகினால் ஒவ்வொன்றும் இடும் முட்டை குறையும். ஆனால் கணக்கெடுப்பு கேட்பது ஒரு குழந்தையின் துல்லியத்தை அல்ல, ஊரின் பரவலை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி கொக்கிப்புழுவில் கிராமுக்கு 1–1,999 இலேசு, 2,000–3,999 மிதம், 4,000உம் அதற்கு மேலும் கடுமை. பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு முட்டை இல்லை, ஒருவருக்குச் சில்லில் 10, மற்றவருக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 240, 4,800. பத்துப் பேரின் சராசரி 504. ஊரே இலேசுபோலத் தோன்றும். உண்மையில் ஒரு பிள்ளை கடுமையில் இருக்கிறது. சராசரியை மட்டும் அச்சிடும் அறிக்கை அந்தப் பிள்ளையை விழுங்கிவிடுகிறது. தொற்று உள்ளோர் விழுக்காடும் மிதம், கடுமை வகையினரின் விழுக்காடும் தனித்தனியே கேட்கப்படுவது இதனால்தான். குடற்புழு மாத்திரை ஆண்டுக்கு எத்தனை முறை என்பதை முதலாவது தீர்மானிக்கிறது: பள்ளிப் பிள்ளைகளிடையே 20 விழுக்காட்டைத் தாண்டினால் ஒருமுறை, 50ஐத் தாண்டினால் இருமுறை. நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லை என்று அறிவிக்க, இரண்டாவது 2 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்க வேண்டும்.

கடினமான ஆட்சேபம் இனிதான் வருகிறது. மாத்திரை வேலை செய்த ஊரில் முட்டைகள் அருகிவிடும். கிராமுக்கு 24 முட்டை உள்ள மலத்தில் ஒரு சில்லுக்குச் சராசரியாக ஒரே முட்டை. அவை சீராகப் பரவியிருந்தாலும், ஒன்றும் அகப்படாமல் போகும் வாய்ப்பு 37 விழுக்காடு. இரண்டு சில்லுகள் பார்த்தால் அது 14 அளவுக்கு இறங்கும். முட்டைகள் கொத்தாகக் கிடப்பதால் நடப்பு இதைவிட மோசம். ஒரே நாள் மலத்தில் இரண்டு சில்லு பார்ப்பதும் வெவ்வேறு நாளில் ஒவ்வொன்று பார்ப்பதும் சமமல்ல; நாளுக்கு நாள் முட்டை ஏறி இறங்குவதை முதலாவது காட்டாது. எனவே ‘தொற்று குறைந்தது’ என்ற முடிவில் எத்தனை சில்லு, எத்தனை நாள் என்பது மறைந்திருந்தால், குறைந்தது புழுவா தேடலா என்று சொல்ல இயலாது.

மரபணுச் சோதனையே போதுமே என்பார்கள். தமிழ்நாட்டின் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடந்த டிவார்ம்3 ஆய்வு போன்றவற்றில், பரவலே அறுந்ததா என்று கேட்கும்போது அதன் கூர்மை தேவைதான். ஆனால் மரபணு அளவு இலேசு, மிதம், கடுமை என்ற படிகளில் நேராக உட்காராது. அந்தப் படிகள் முட்டை எண்ணிக்கையின் மேல் கட்டப்பட்டவை. ஆகவே நோய் மிகுந்த ஊரில் துளைத்தகடும், அருகிய ஊரில் மரபணுச் சோதனையும் என்று பிரிப்பது சரி. ஒரே ஊரின் முன்பின் நிலையை ஒப்பிட இடையில் முறையை மாற்றுவதுதான் தவறு. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரு சுற்றிலாவது ஒரே மலத்தை இரண்டு முறையிலும் பார்த்து இரண்டு எண்ணையும் அருகருகே அச்சிட வேண்டும்.