70ங்கிற நம்பர் யாரோட முகம்?

இந்த எபிசோட் ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. அந்தத் தப்பு என்னோடது.

பாரிவாக்கத்துல பெரியம்மா வீடு. அங்க அக்காவோட வளைகாப்பு. வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, கலர் பண்ணிக் குடுத்தது நான்தான். "முகம் வேவ்ஃபார்ம்ல 70ல இருக்கணும்"னு எங்கயோ படிச்சிருந்தேன். அக்கா முகம் 28ல இருந்துச்சு. அப்படியே 70க்குத் தூக்கிட்டேன், அதுக்கு மேல சினிமா லுக் ஒண்ணும் போட்டேன். பெரியம்மா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "டேய், இது யாருடா?"

அந்த 70 எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல வேவ்ஃபார்ம்னா என்னன்னு பார்ப்போம். படத்துல இடமிருந்து வலமா என்ன இருக்கோ, அதே வரிசையில இந்த வரைபடத்துலயும் இருக்கும். உயரம் மட்டும் வெளிச்சத்தோட அளவு. கீழ 0 கருப்பு, மேல 100 வெள்ளை. இந்த அளவுக்கு ஐ.ஆர்.இ.ன்னு பேரு. அமெரிக்காவுல இருந்த ரேடியோ எஞ்சினியர்கள் சங்கத்தோட பேரோட சுருக்கம் அது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சப்போ ஒளிபரப்பு கருப்பு வெள்ளை. அந்த மாதிரி படத்துக்கு இந்த ஒரு அளவு போதும்.

கலர் வந்ததும் இன்னொரு கேள்வி சேர்ந்துச்சு: இது என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி? அதுக்குத்தான் வெக்டர்ஸ்கோப். ஒரு வட்டம். நடுப்புள்ளியில இருந்தா நிறமே இல்ல, சாம்பல். எந்தத் திசையில போகுதோ அது நிறம், எவ்வளவு தூரம் போகுதோ அது அடர்த்தி. அந்த வட்டத்துல, கடிகாரத்துல 11 மணி இருக்கிற பக்கமா ஒரு கோடு இருக்கும். கோணம் 123 டிகிரி. இன்னைக்கு எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அதை ஸ்கின் டோன் கோடுன்னு சொல்றாங்க.

ஆனா அந்தக் கோட்டைத் தோலுக்காக யாரும் போடல. 1953ல அமெரிக்கா தன்னோட கலர் டிவி முறையான என்.டி.எஸ்.சி.யை முடிவு பண்ணுச்சு. சிக்னல்ல இடம் குறைவு. நம்ம கண்ணு ஆரஞ்சுக்கும் நீலப்பச்சைக்கும் நடுவுல இருக்கிற மாற்றத்தைத்தான் நுணுக்கமாப் பார்க்கும். அதனால அந்த அச்சுக்கு அதிக இடம் ஒதுக்கினாங்க. பேரு ஐ அச்சு. மனுஷத் தோல் கிட்டத்தட்ட அதே திசையில விழுந்தது நமக்கு அதிர்ஷ்டம். 1982ல தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்போ இந்தியா எடுத்துக்கிட்டது பி.ஏ.எல். முறை. அதுல ஐ அச்சே கிடையாது. நம்ம ஊர் டிவி பயன்படுத்தாத ஒரு முறையோட கோடு, இன்னைக்கு நம்ம லேப்டாப்ல இருக்கு.

சரி, இரவல் கோடு நம்ம தோலுக்குப் பொருந்துமா? எனக்கும் அதே சந்தேகம். அதனால கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1976ல வந்த மேக்பெத் கலர்செக்கர் அட்டையில 24 கட்டம் இருக்கும். முதல் கட்டம் கருத்த தோல், ரெண்டாவது வெளுத்த தோல். அதுங்களோட வழக்கமான ஆர்.ஜி.பி. எண்களை வச்சு ஒரு சின்ன கோட்:

```python
from math import atan2, degrees
for r, g, b in [(115, 82, 68), (194, 150, 130)]:
    y = 0.2126*r + 0.7152*g + 0.0722*b
    cb, cr = (b - y)/1.8556, (r - y)/1.5748
    print(round(y/2.55), round(degrees(atan2(cr, cb))))
```

கருத்த தோல்: வெளிச்சம் 35, கோணம் 122. வெளுத்த தோல்: வெளிச்சம் 62, கோணம் 123.

கோணத்துல ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். வெளிச்சமோ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எல்லார் தோல்லயும் இருக்கிறது அதே மெலனின், அதே ரத்தம். மெலனின் கூடினா தோல் இருட்டாகும், நிறத்தோட திசை பெருசா மாறாது. நிஜ மனுஷங்க கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சில டிகிரி தள்ளி இருப்பாங்க, அது இயல்பு. ஆக, கோடு எல்லாருக்கும் பொது. 70 அப்படி இல்ல. அது வெளுத்த முகத்துல நல்ல வெளிச்சம் படுற இடத்துக்கான அளவு. அதைத்தான் நான் எங்க அக்கா முகத்துல ஒட்ட வச்சேன்.

அப்புறம் அதே வீடியோவை மறுபடி திறந்தேன். (கேமரா சாதாரண கலர் முறையில இருந்துச்சு. லாக்ல எடுத்திருந்தா, முதல்ல ரெக். 709க்கு மாத்திட்டுத்தான் இந்த எண்களைப் பார்க்கணும்.) பின்னாடி ஜன்னல் இருந்ததால மொத்தப் படமும் இருட்டு. முகம் 28, பக்கத்துல மாமாவோட வெள்ளை வேட்டி 58. 28ஐ 70 ஆக்கணும்னா 2.5 மடங்கு ஏத்தணும். அப்போ வேட்டி 145க்குப் போகணும், ஆனா மேல 100லயே கூரை. வேவ்ஃபார்ம்ல வேட்டி இருந்த இடம் உச்சியில தட்டையா ஒரு கோடா நின்னுச்சு. படத்துல மடிப்பே இல்லாத வெள்ளைத் திட்டு. தப்பைக் கண்டுபிடிக்க அந்தத் தட்டைக் கோடு ஒண்ணே போதும்.

இந்த தடவை முகத்தை விட்டுட்டு வேட்டியை 80க்குக் கொண்டு வந்தேன். நிழல்ல நல்ல வெள்ளைத் துணிக்கு அது சரியான இடம். முகம் தானா 39க்கு வந்துச்சு. அதுதான் அக்கா.

அடுத்தது நிறம். வேட்டி வெள்ளைதானே, சிவப்பு பச்சை நீலம் மூணையும் அங்க சமமாக்கினா போதும்னு நினைச்சேன். ஆனதும் எல்லார் முகமும் மஞ்சளாச்சு. காரணம் சொட்டு நீலம்! நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி நிஜமாவே கொஞ்சம் நீலம். அதை வெள்ளைன்னு நம்பினா, மொத்தப் படத்துல இருந்தும் நீலத்தைப் புடுங்கிடுவோம்.

அதனால ரெண்டாவது சாட்சி வேணும். படத்தை முகம் மட்டும் தெரியுற மாதிரி வெட்டி வெக்டர்ஸ்கோப்ல பார்த்தேன். அங்கயும் ஒரு பொறி இருந்துச்சு. வளைகாப்புல கன்னம் பூரா சந்தனமும் மஞ்சளும். அது இயல்பாவே கோட்டுக்கு மஞ்சள் பக்கம்தான் விழும். அதைக் கோட்டுக்கு இழுத்தா மஞ்சள் மஞ்சளா இருக்காது, உதடும் கழுத்தும் சிவந்து போகும். எதுவும் பூசாத இடமா, காதுக்குக் கீழ கழுத்தை மட்டும் எடுத்தேன். அந்தப் புள்ளிக்கூட்டம் கோட்டு மேல வந்ததும் நிறுத்திட்டேன். வேட்டி கொஞ்சம் நீலமாவே இருந்துச்சு, கன்னத்து மஞ்சள் மஞ்சளாவே இருந்துச்சு. ரெண்டும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.

இந்த வரிசை முக்கியம். வெளிச்சத்தை ஏத்தினா நிற அடர்த்தியும் சேர்ந்து ஏறும், அதனால வேவ்ஃபார்ம் முதல்ல, வெக்டர்ஸ்கோப் ரெண்டாவது. லுக் கடைசி. நான் முதல் தடவை லுக் போட்டப்போ, தப்பான முகத்து மேல அது உட்கார்ந்துச்சு. எது என் தப்பு, எது லுக்கோட வேலைன்னு பிரிக்கவே முடியல.

புது வீடியோவைப் பெரியம்மா போன்ல பார்த்தாங்க. இந்த தடவை யாருன்னு கேக்கல. "மாமா வேட்டி பளிச்சுனு இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க.