பீஜி மொழியில் ‘இருவர்’, ‘சிலர்’, ‘பலர்’

தமிழில் எண் இரண்டுதான்: ஒருமை, பன்மை. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் இவற்றோடு இருமையும் உண்டு. பசிபிக் தீவான பீஜியின் மொழி இன்னும் ஒரு படி போய், சிலரைக் குறிக்கத் தனியே ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அதைச் சின்மை என்று சொல்லலாம். 1903 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் பீஜிக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே கேட்டது இந்த மொழியைத்தான்.

அங்கே பெயர்ச்சொல் எண்ணைக் காட்டுவதில்லை. பிள்ளைக்கு ‘ஙோனே’ என்று பெயர். ஒன்றானாலும் பத்தானாலும் அதே சொல். எண்ணிக்கையைச் சொல்வது வினைக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்தான். ‘ஏ லாக்கோ மை நா ஙோனே’ என்றால் பிள்ளை வருகிறது. ‘ஏ’ இருந்த இடத்தில் ‘எராவ்’ வந்தால் இரண்டு பிள்ளைகள், ‘எரட்டோ’ வந்தால் சில பிள்ளைகள், ‘எரா’ வந்தால் பல பிள்ளைகள். மற்றச் சொற்கள் அசைவதேயில்லை.

இது நமக்கு அவ்வளவு அந்நியமல்ல. ‘மாடு வந்தது, மாடு வந்தன’ என்பதில் மாடு மாறவில்லை. வினையைப் பார்த்தே எண் தெரிகிறது. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. நாமோ பேச்சில் அந்த வேறுபாட்டையும் விட்டுவிட்டு ‘நாலு கதிரை கிடக்கு’ என்கிறோம். பீஜி மொழியிலும் உயிரற்ற பொருள்கள் பலவானாலும் பெரும்பாலும் ‘ஏ’ தான்.

‘சிலர்’ என்றால் எத்தனை பேர்? மூன்றிலிருந்து தொடங்கும், மேல் எல்லை கிடையாது. பக்கத்தில் எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஊர் முழுவதையும் மனதில் வைத்துப் பேசும்போது ஒரு பெரிய குடும்பமே ‘சிலர்’ ஆகிவிடலாம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து இதைப் படிக்க முயல்பவர் தடுமாறுவார்.

இன்னொரு இடத்திலும் கணக்குப் பிழைக்கும். ‘கெய்ராவ்’ என்பது கேட்பவரைச் சேர்க்காத ‘நாங்கள் இருவர்’. ‘கெய்ராவ் கெய் ஜோனே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நாங்கள் இருவர், ஜோனேயுடன்’ என்று மூன்று பேர் போலத் தோன்றும். உண்மையில் நானும் ஜோனேயும் மட்டுந்தான். அந்த இருவருக்குள் ஜோனே ஏற்கெனவே அடங்கிவிட்டார். தமிழின் நாம், நாங்கள் என்ற பிரிவு பீஜியிலும் இருப்பதால், அதை இருவர், சிலர், பலர் என்ற மூன்றோடு பெருக்கினால் நமது இரண்டு சொற்களுக்கு அங்கே ஆறு சொற்கள்.

முன்னிலையில் பன்மைச் சொல் ‘கெமுனி’. வயதில் மூத்தவரையோ ஊர்த் தலைவரையோ, அவர் ஒருவராக இருந்தாலும், இப்படித்தான் அழைக்கிறார்கள். அப்போது வினைக்கு முன் நிற்கும் சிறு சொல்லும் பன்மைக்குரிய ‘நி’ ஆகிவிடும்: வணக்கம் சொல்லும்போது ஒத்த வயதினரிடம் ‘ஓ சா புலா’, பெரியவரிடம் ‘நி சா புலா’. அப்பாவிடம் ‘நீங்கள் வாங்கோ’ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது.