கொள்முதல் வரியும் மூலப்பொருள் அடக்கவிலையும்

மூலப்பொருள் வாங்கும்போது செலுத்தும் மறைமுக வரி, அடக்கவிலையில் சேருமா என்பது அந்த வரி அரசிடமிருந்து திரும்பக் கிடைக்குமா என்பதைப் பொறுத்தது. திரும்பக் கிடைக்கக்கூடிய வரி நீங்கலாக மற்ற வரிகள் கொள்முதல் விலையின் பகுதி என்கிறது, சரக்கிருப்பு மதிப்பீடு பற்றிய இந்தியக் கணக்கியல் தரநிலை 2. பில்லில் வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் போதாது. வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் உரிமை வேண்டும்.

ஒரு பாத்திரப் பட்டறை 1,000 கிலோ எவர்சில்வர் தகட்டைக் கிலோ 200 ரூபாய்க்கு வாங்குகிறது. விலை 2,00,000; 18 சதவீத ஜிஎஸ்டி 36,000; லாரி வாடகை 4,000 (வாடகை மீதான வரியை இங்கே விட்டுவிடலாம்). பட்டறை வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் 36,000 ரூபாய் சொத்தாக, வரி வரவுக் கணக்கில் நிற்கும். தகட்டின் அடக்கம் 2,04,000, கிலோவுக்கு 204 ரூபாய். அதே பட்டறை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வரி வரவு கிடையாது. அடக்கம் 2,40,000, கிலோவுக்கு 240 ரூபாய். ஆண்டு முடிவில் 300 கிலோ மிச்சமிருந்தால் இருப்பின் மதிப்பு முதலாவதில் 61,200, இரண்டாவதில் 72,000. ஒரே தகடு, ஒரே வியாபாரி, ஒரே லாரி.

பில் தொகை முழுவதையும் கொள்முதலில் எழுதிவிட்டு வரி வரவையும் எடுப்பதுதான் அடிக்கடி காணும் பிழை. அதே 36,000 அடக்கத்திலும் ஏறும், சொத்தாகவும் நிற்கும். இருப்புப் பட்டியலின் கிலோ விலையைப் பில்லில் உள்ள வரிக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் இது பிடிபடும்: வித்தியாசம் ஏறத்தாழ 18 சதவீதம் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

உரிமை இருந்தும் வரவு தாமதமாவது வேறு விஷயம். வியாபாரி தன் படிவத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பில் GSTR-2B அறிக்கையில் வராது. அதற்காகத் தகட்டின் விலையை உயர்த்தக் கூடாது. பில் அறிக்கையில் வரும்வரை அந்த வரவு நிலுவையாகவே இருக்கும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் முந்தியதற்குள் எடுக்காத வரவு பறிபோகும். அதைத் தகட்டின் தலையில் கட்டாமல் இழப்பாக எழுதுவதே பொருத்தம். அது தகட்டின் விலையன்று, கவனக்குறைவின் விலை.

வரி விலக்குள்ள பொருளுக்கும் வரிக்குட்பட்ட பொருளுக்கும் ஒரே தகட்டைப் பயன்படுத்தினால், விலக்குப் பங்குக்கு உரிய வரி மட்டும் அடக்கத்தில் சேரும். டீசலுக்கு இந்தச் சிக்கல் இல்லை: அது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால், அதன் மீதான வாட் வரி முழுவதும் பொதுவாகச் செலவாகவே போகும்.

வருமான வரிக் கணக்கீடு வேறு வழியில் போகிறது. வருமான வரிச் சட்டம் கொள்முதல், விற்பனை, இருப்பு ஆகியவற்றை வரி உட்பட மதிப்பிடச் சொல்கிறது. எல்லாப் பக்கமும் வரி சேர்வதால் இலாபம் பொதுவாக மாறுவதில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தின் இருப்பு மதிப்புக்கும் வருமான வரிக்கான இருப்பு மதிப்புக்கும் ஒத்திசைவுப் பட்டியல் ஒன்று வைத்திருக்க வேண்டும்.