சர்ரா நோய்: ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் திரும்புவது ஏன்?

மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், நாய் ஆகியவற்றின் இரத்தத்தில் வாழும் டிரிபனோசோமா இவான்சி என்னும் ஓரணு ஒட்டுண்ணியால் ஏற்படுவது சர்ரா நோய். 1880-ஆம் ஆண்டு அன்றைய பஞ்சாப் மாகாணத்தின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில், நோயுற்ற குதிரைகள் மற்றும் ஒட்டகங்களின் இரத்தத்தில் இதனைக் கண்டறிந்தவர் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ். அவர் பெயராலேயே ஒட்டுண்ணி இன்றும் அழைக்கப்படுகிறது.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதனை அடுத்த வாரங்களிலும் மாடு வளர்ப்போர் இந்நோயை நினைவில் கொள்ள வேண்டும். வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் தேங்கும் நீர், நனைந்து அழுகும் வைக்கோல், தொழுவத்தில் சேரும் சாணம் ஆகியவை கடிக்கும் ஈக்கள் பெருக ஏற்றவை.

ஈ எவ்வாறு பரப்புகிறது?

கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதைப் போல, ஈயின் உடலில் இந்த ஒட்டுண்ணி வளர்வதில்லை. ஈயின் வாய் இங்கு ஒரு அசுத்தமான ஊசியைப் போன்றே செயல்படுகிறது. பெரிய மாட்டு ஈ கடித்தால் கடுமையாக வலிக்கும். மாடு வாலை வீசி விரட்டும். பாதி குடித்த ஈ பறந்து அடுத்த மாட்டின் மீது அமர்ந்து மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டியிருந்த இரத்தத்துடன் ஒட்டுண்ணியும் அந்த மாட்டின் உடலுக்குள் செல்கிறது. ஈயின் வாயில் அது நெடுநேரம் உயிருடன் இருப்பதில்லை. ஆகவே பெரும் ஆபத்து, காய்ச்சல் கண்ட மாட்டின் பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டிற்கே. நோயுற்ற மாட்டைத் தனியே தொலைவில் கட்டுவது எளிய, பயன்தரும் செயல். ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்தினால், ஈ செய்யும் வேலையை நாமே செய்தவர்களாவோம்.

மாலையில் வேப்பிலை, நொச்சிப் புகை போடுவது நம் வழக்கம். அது கொசுவிற்கு உதவும். மாட்டு ஈக்களோ பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் கடிப்பவை. சாணத்தையும் அழுகிய வைக்கோலையும் நாள்தோறும் அகற்றினால் தொழுவத்தில் பெருகும் சிறிய கடி ஈக்கள் குறையும். பெரிய மாட்டு ஈயின் புழுக்கள் நீரோரச் சேற்றில் வளர்வதால், தொழுவத் தூய்மை மட்டும் அவற்றை ஒழிக்காது.

ஒரு பசுவின் நோய்ப்போக்கு

புரிந்துகொள்வதற்காக, 300 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். மழை விட்ட ஒரு வாரத்தில் அது தீவனத்தை ஒதுக்குகிறது. பால் பாதியாகக் குறைகிறது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. வீட்டார் ஏதோ ஒரு காய்ச்சல் ஊசி போடச் செய்கின்றனர். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிகிறது. ஊசி குணமாக்கியது என்று அனைவரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது தானாகவே தணிந்திருக்கக்கூடும். சில நாட்களில் காய்ச்சல் மீண்டும் வருகிறது.

இந்த ஏற்ற இறக்கமே நோயின் இயல்பு. ஒட்டுண்ணியின் மேற்புறத்தில் புரதப் போர்வை ஒன்று உள்ளது. உடல் அதனை அடையாளம் கண்டு ஒட்டுண்ணிகளை அழிக்கும்போது காய்ச்சல் இறங்குகிறது. அதற்குள் சில ஒட்டுண்ணிகள் வேறு போர்வைக்கு மாறித் தப்பிப் பெருகுகின்றன. காய்ச்சல் மீண்டும் ஏறுகிறது. இந்நோய்க்குத் தடுப்பூசி உருவாகாததற்கும் இதுவே முதன்மைக் காரணம். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பணுக்கள் அழிவதால் கண் இமையின் உட்புறம் வெளிறுகிறது. தீவனம் உண்டாலும் பசு எலும்பும் தோலுமாக மெலிகிறது. சினைப்பசுவில் கருச்சிதைவும் நேரலாம். உண்ணிக் காய்ச்சலிலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றுவதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது.

இரத்தப் பரிசோதனையில் நாள் முக்கியம். காய்ச்சல் இல்லாத நாளில் எடுத்த இரத்தப் பூச்சில் ஒட்டுண்ணி தென்படாமல் போகலாம். அதனை நோயில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. காய்ச்சல் ஏறியிருக்கும்போது, மருந்து போடுவதற்கு முன்னர் இரத்தம் எடுக்கச் செய்யுங்கள். 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

மருந்தின் எல்லை

இந்தியாவில் பெரிதும் பயன்படுவது குயினபைரமின். மற்றொன்று டைமினசின். குயினபைரமின் சல்பேட்டின் வழக்கமான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மில்லிகிராம். நமது பசுவிற்கு 1.5 கிராம் தேவை. எடையை 200 கிலோ என்று கண்ணளவில் மதிப்பிட்டு 1 கிராம் மட்டும் செலுத்தினால், கிலோவிற்கு 3.3 மில்லிகிராமே கிடைக்கும். பெரும்பாலான ஒட்டுண்ணிகள் மடியும். மருந்தைத் தாங்கக்கூடியவை எஞ்சும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு வழி. மருந்தை நீங்களே வாங்கிப் போடக் கூடாது என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

சரியான அளவிலும் ஒரு தடை உண்டு. சில ஒட்டுண்ணிகள் மூளையையும் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரையும் அடைந்துவிடும். இரத்தத்தில் உள்ள மருந்து அங்கு போதிய அளவு நுழைவதில்லை. இரத்தம் தூய்மையாகி, பால் பழைய நிலைக்குத் திரும்பிய சில வாரங்களுக்குப் பின் பசு வட்டமிட்டுச் சுற்றினாலோ, சுவரில் தலையை அழுத்தி நின்றாலோ, நோய் மூளையை எட்டியிருக்க வாய்ப்புள்ளது. அந்நிலையில் பிழைக்கும் வாய்ப்பு குறைவு; இதனை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. சிகிச்சைக்குப் பின் காய்ச்சல் மீண்டும் வந்தால், அன்றே இரத்தப் பூச்சு எடுக்க வேண்டும்.

குதிரைக்கு இந்நோய் மிகக் கடுமையானது. மாடுகள் பல, நோய் வெளித்தெரியாமலேயே ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கும். குதிரையோ சிகிச்சையின்றி விடப்பட்டால் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறக்கக்கூடும். வயிற்றின் அடியிலும் கால்களிலும் நீர்வீக்கம், பின்னங்கால் தள்ளாட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். டைமினசினைக் குதிரை நன்கு தாங்குவதில்லை. குயினபைரமினும் ஊசி போட்ட இடத்தில் வீக்கத்தையும், சில வேளைகளில் எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வயிற்றுவலியையும் உண்டாக்கும். ஆகவே ஊசி போட்டதும் மருத்துவரை அனுப்பிவிடாமல் சிறிது நேரம் இருக்கச் சொல்லுங்கள். குதிரையையும் மாட்டையும் அருகருகே கட்டாதிருப்பது நலம்.

மனிதருக்கு வருமா?

மிக மிக அரிது. மனித இரத்தத்தில் உள்ள அப்போ எல்1 என்னும் புரதம் இந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். 2004-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்ட ஒரு விவசாயியின் இரத்தத்தில் இது காணப்பட்டது. சுராமின் மருந்தால் அவர் குணமடைந்தார். மரபணு மாற்றத்தால் அவருக்கு அந்தப் புரதமே இல்லை என்று பின்னர் தெரிந்தது. அவரது ஊரில் 1,800-க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். எதிர்ப்பொருள் சோதனையில் தெளிவான அறிகுறி காட்டியவர்களிலும் ஒட்டுண்ணி கண்டறியப்படவில்லை.

ஆயினும் நோயுற்ற விலங்கின் இரத்தத்தையோ, பச்சை இறைச்சியையோ கையாள்வோர் கையில் காயம் இருந்தால் கையுறை அணிய வேண்டும். காய்ச்சிய பாலால் இந்நோய் பரவாது. சிகிச்சை பெற்ற பசுவின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மாடு, குதிரை வளர்ப்போருக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, வழக்கமான பரிசோதனைகளில் காரணம் தெரியாவிடில், தொழுவத்தில் சர்ரா இருந்ததை மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள். அவர் தாமாகக் கேட்கமாட்டார்.