ஹோமோமார்பிக் குறியாக்கம்

பூட்டிய தரவைத் திறக்காமலே அதன்மீது கணக்குப் போட வழிசெய்யும் குறியாக்க முறை. பாஸ்கல் பையே 1999-இல் வெளியிட்ட முறை கூட்டலுக்கு மட்டும் உதவுவது. ஆனால் மருத்துவமனைப் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதிக்குக் கூட்டலே போதும்.

இரண்டு மருத்துவமனைகளில் ஒரு நோய்க்கு 3 பேர், 4 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைப்போம். சுகாதாரத் துறை தன் பொதுச்சாவியை, அதாவது இரு பகா எண்களின் பெருக்கற்பலனான n = 15-ஐ, இரண்டுக்கும் தருகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் எண்ணிக்கையோடு r என்ற தற்செயல் எண்ணைச் சேர்த்துப் பூட்டுகிறது:

```
c = (1 + m·n) · r^n mod n²
m=3, r=2 → 53
m=4, r=7 → 223
```

கணக்கிடும் சர்வருக்கு 53, 223 மட்டுமே தெரியும். அது இரண்டையும் பெருக்கி, 11819-ஐ 225-ஆல் வகுத்து, மீதி 119-ஐத் துறைக்கு அனுப்புகிறது. ரகசியச் சாவியால் திறந்தால் கிடைப்பது 7. சராசரி வேண்டுமானால், திறந்த பிறகு 2-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

r இல்லாவிட்டால் 3 எப்போதும் ஒரே மறையெண்ணாக வரும்; சிறிய எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கூட்டுத்தொகை n-ஐ எட்டினால் விடை பிழையாகும். நடைமுறையில் n 2048 பிட் நீளமுள்ளது என்பதால் அந்தக் கவலை இல்லை. உண்மையான ஆபத்து வேறு: 53, 223 தனித்தனியே துறையின் கைக்குப் போனால், ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கும் வெளிப்பட்டுவிடும். சர்வர் கள்ள எண்ணைச் சேர்த்தாலும் இம்முறை காட்டிக்கொடுக்காது.

பெருக்கலையும் எத்தனை முறையானாலும் செய்யும் முழு வடிவத்தை கிரெய்க் ஜென்ட்ரி 2009-இல் காட்டினார். அதில் ஒவ்வொரு பெருக்கலும் மறையெண்ணில் இரைச்சலைக் கூட்டுகிறது. அதை அவ்வப்போது குறைக்கும் வேலைதான் பெருஞ்செலவு.